கீமோ எடுக்கும் தோழிக்கு எதைக் கொடுப்பது, எதைச் சொல்லாமல் இருப்பது

கேள்வி: கல்லூரித் தோழிக்கு மார்பகப் புற்றுநோய். வயது 44. போன வாரம் முதல் கீமோ ஏற்றினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக 4, பிறகு வாரம் ஒன்றாக 12, அப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன் என்று சொல்லியிருக்கிறார்களாம். அவள் திருச்சியில், நான் கோவையில். 5,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். உண்மையிலேயே பயன்படுகிற மாதிரி என்ன வாங்கித் தரலாம்? போனில் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை.

பதில்:

அந்த 5,000 ரூபாயை ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள். உங்கள் தோழிக்குச் சொல்லியிருக்கும் கணக்குப்படி முதல் நான்கு கீமோவுக்கு 12 வாரம், அடுத்த பன்னிரண்டுக்கு இன்னொரு 12 வாரம், அதன்பின் அறுவை சிகிச்சையும் அது ஆறும் காலமும், பிறகு சில வாரங்கள் கதிர்வீச்சு என்று எல்லாம் சேர்ந்து முக்கால் வருடத்துக்கு மேல் போகும். இரத்த அணுக்கள் குறைந்து ஒரு தவணை தள்ளிப்போவதும் சகஜம். கீமோ ஏற்றும் பகல்நேரப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் கண்டது, முதல் மாதத்தில் வீடு நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஆப்பிள் பைகளும் சேர்ந்துவிடும், ஐந்தாவது மாதத்தில் அழைத்துப் பேசக்கூட ஆள் இருக்காது என்பதுதான். எனவே எந்தப் பொருள் என்பதைவிட, எந்த மருந்து எந்த நாளில் உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்து, அந்த நாளுக்குச் சற்று முன்பாக அதற்கு வேண்டியது போய்ச் சேரும்படி செய்வதே நல்லது.

இந்த வரிசையில் முதலில் வரும் நான்கும் பெரும்பாலும் டாக்சோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த தவணைகளாக இருக்கும். சிவப்பு நிறத்தில் இருக்கும் முதல் மருந்தை நோயாளிகள் 'செவப்பு மருந்து' என்றே சொல்வார்கள். வாரம் ஒன்றாக வருவது பாக்ளிடாக்செல். மருத்துவர் வேறு மருந்து எழுதியிருக்கலாம் என்பதால், கூட இருப்பவரிடம் மருந்துச் சீட்டில் உள்ள பெயரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து மாறினால் அன்பளிப்பும் மாறும். உதாரணமாக, குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியவருக்குக் குளிர்ந்த டம்ளரைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துவது போலிருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கிப் பிடிக்கும். அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போவது துன்பம் கொடுப்பதாகிவிடும். ஆனால் வேறு மருந்தினால் வாய் வெந்துபோன ஒருவருக்கு அதே ஐஸ்கிரீம்தான் அன்றைக்கு உள்ளே இறங்கும் ஒரே சாப்பாடாக இருக்கலாம்.

போன வாரம் முதல் கீமோ என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் தோழி இப்போது இருப்பது அந்த 21 நாள் சுற்றின் மிகக் கவனமான பகுதியில். மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து சுமார் பதினான்காவது நாள் வரை வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். இந்த நாட்களில் வரும் சாதாரணக் காய்ச்சலைக்கூட சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே முதலில் அனுப்ப வேண்டியது ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும். அதன் உறையின் மேல் ஒரு சிறு தாளில் மருத்துவமனையின் அவசர எண்ணையும், '100.4-க்கு மேல் போனால் உடனே அழைக்கவும்' என்ற வரியையும் எழுதி ஒட்டித் தரும்படி வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள். 100.4 பாரன்ஹீட் என்பது 38 டிகிரி செல்சியஸ். நம் வீடுகளில் உடம்பு சுட்டால் கை முதலில் போவது பாராசிட்டமாலைத் தேடித்தான். மருத்துவமனையைக் கேட்காமல் அதைப் போட்டுவிட்டால் சூடு மட்டும் இறங்கி, உள்ளே தொற்று பரவிக்கொண்டிருப்பது தெரியாமல் போகும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு முழுவதும் காத்திருந்து, மயங்கிய நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்சியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது காரோடு இருந்தால், இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வந்து கூட்டிப்போவார் என்ற உறுதியை வாங்கி, அவர் எண்ணையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் எந்தப் பொருளையும்விட இது பெரிது.

இதே நாட்களில்தான் வாயில் புண் வரும். அதற்கு மிக மென்மையான நாரிழைகள் கொண்ட பல் துலக்கியும், ஆல்கஹால் கலக்காத வாய் கொப்பளிக்கும் நீரும் வாங்கித் தரலாம். கடையில் வாங்காமலும் செய்யலாம்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளித்துத் துப்பினால் போதும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், விழுங்கக் கூடாது. பழம் அனுப்புவதானால் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம் நல்லது. புண் இருக்கும் வாயில் ஆரஞ்சும் அன்னாசியும் எரியும், திராட்சையைச் சுத்தமாகக் கழுவுவது கடினம், வெட்டி வைத்த பழம் வேண்டவே வேண்டாம். பூங்கொத்தும் தொட்டிச் செடியும் இந்தக் காலத்தில் அந்த அறைக்குள் போக வேண்டாம். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் பூஞ்சையும் கிருமியும் நமக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம், அவருக்கு அப்படியல்ல. நீங்கள் நேரில் போக நினைத்தால் உங்களுக்குச் சளி, இருமல், வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, பதினைந்தாவது நாளுக்குப் பிறகு, அடுத்த தவணைக்கு முன்பாகப் போங்கள். அந்தக் கடைசி வாரத்தில்தான் பொதுவாக அவருக்குச் சாப்பாடு பிடிக்கும், உட்கார்ந்து பேசத் தெம்பும் இருக்கும்.

அடுத்த தவணை ஏற்றிய முதல் நான்கைந்து நாட்கள் வேறு மாதிரி. குமட்டலுக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, என்றாலும் வாசனை தாங்காமல் போவது பலருக்கு நிற்பதில்லை. தாளிக்கும் வாசனை, ஊதுபத்தி, மல்லிகை, உங்கள் மேல் இருக்கும் சென்ட் எல்லாமே குமட்டும். ஆகவே வாசனை மெழுகுவத்தி, வாசனைச் சோப்பு, பாடி லோஷன் அடங்கிய அழகான பெட்டிகளை விட்டுவிடுங்கள். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டுக்கு வாசனை குறைவு என்பதால், ஆறிய இட்லியோ ரசம் சாதமோ இறங்கும். இன்னொன்று, பலருக்கு வாயில் எப்போதும் இரும்பைச் சப்பியது போல ஒரு சுவை தங்கிவிடும். நம் வீட்டில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் எவர்சில்வர் என்பதால் அது இன்னும் கூடும். ஒரு பீங்கான் கிண்ணம், பீங்கான் குவளை, மரக் கரண்டி ஒன்று, இவ்வளவுதான். தருவதற்கு மிகச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் 'கஞ்சியே இப்பதான் கஞ்சி மாதிரி இருக்கு' என்று சொன்னவர்கள் உண்டு.

அந்த முதல் நாட்களில் குமட்டலுக்காகத் தரும் டெக்சாமெத்தசோன் மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். உடல் ஓய்ந்திருக்க, கண் மட்டும் மூடாது. இரவு மூன்று மணிக்கு விழித்திருப்பவருக்குத் தடித்த புத்தகம் பயன்படாது. மருந்தின் அயர்வில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மேலே என்ன இருந்தது என்று மறந்துபோகும். கல்லூரி நாட்களைப் பற்றி நீங்களே பேசிப் பதிவு செய்த ஐந்து நிமிடக் குரல்செய்திகளை ஒன்றிரண்டாக அனுப்பி வைத்தால், தனக்கு வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்வார். பதில் எதிர்பார்க்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலைமுடி இந்த மருந்தில் பொதுவாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும், ஆகவே இதற்கும் அதிக நாள் இல்லை. வாங்குவதானால் மெல்லிய பருத்தியில் இரண்டு தலைத்துணிகள் வாங்குங்கள். பட்டும் சாட்டினும் பார்க்க அழகு, ஆனால் முடியில்லாத தலையில் வழுக்கி இறங்கும். பாலியஸ்டர் திருச்சி வெயிலுக்கு ஆகாது. கூடவே பருத்தியில் ஒரு தலையணை உறை, வெளிர் நிறமாக இல்லாமல், கொட்டும் முடி காலையில் கண்ணில் படாத அடர் நிறமாக இருந்தால் நல்லது. விக் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். சிலருக்கு அது வேண்டும், சிலர் ஒரு நாள்கூட அணியமாட்டார்கள், நிறமும் அளவும் அவரே பார்த்து எடுக்க வேண்டியவை.

மூன்று மாதம் கழித்து வாரந்தோறும் பாக்ளிடாக்செல் தொடங்கும்போது குமட்டல் குறைந்துவிடும், மற்றவர்கள் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அலுப்பு அப்போதுதான் அதிகம். மருந்து ஏறுவது ஒரு மணி நேரந்தான். ஆனால் இரத்தப் பரிசோதனை, அதன் முடிவுக்காகக் காத்திருப்பு, ஒவ்வாமை வராமலிருக்க முன்னதாகப் போடும் ஊசிகள் என்று அரைநாள் போய்விடும். அந்த ஊசிகளில் ஒன்று தூக்கத்தைக் கொடுக்கும், ஏசி குளிரும். ஒரு பருத்திப் போர்வை, காலுறை, நீளமான வயர் கொண்ட போன் சார்ஜர் இருந்தால் போதும். சுவர் பிளக்குக்கும் நாற்காலிக்கும் தூரம் எப்போதும் எட்டாது. மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் போர்ட் பொருத்தியிருந்தால் முன்பக்கம் திறக்கும் மேலாடை வேண்டும், கழுத்து ஒட்டிய சுடிதார் டாப் வேண்டாம்.

இந்த மருந்து சில வாரங்களில் விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போகச் செய்யும். கவனித்தால் முதலில் தெரிவது, ஹூக் மாட்ட முடியவில்லை, பூட்டில் சாவி நுழையவில்லை, செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடக்கிறார் என்பவைதான். இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள், அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கலாம். 'இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்' என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். பின்பக்கம் வார் உள்ள, அடிப்பகுதி வழுக்காத மென்மையான செருப்பு இந்தக் கட்டத்துக்கான அன்பளிப்பு. அளவை அவருடைய பழைய செருப்பைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், நடக்கும்போது பாதம் வீங்கியிருக்கலாம் என்பதால் இறுக்கமாக வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் அந்தப் பக்கக் கையை மேலே தூக்க முடியாது, நிணநீர் வடியும் குழாயும் பையும் சில நாள் தொங்கும். முன்பக்கம் முழுவதும் ஜிப் உள்ள இரண்டு பருத்தி நைட்டி அப்போது கைகொடுக்கும். அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ள ஒரு சிறிய மென்தலையணையும் வேண்டும், காரில் சீட் பெல்ட் அழுத்தாமல் இருக்கவும் அதுவே ஆகும். வளையல் மட்டும் வாங்கிப் போகாதீர்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கக் கை எப்போது வேண்டுமானாலும் வீங்கலாம், இறுக்கமான வளையலும் மோதிரமும் அந்தக் கைக்கு ஆகாது. பின்னர் கதிர்வீச்சு நடக்கும்போது தோல் வெந்து கறுக்கும், அப்போது டால்கம் பவுடரும் வாசனைத் திரவியமும் ஆகாது. அங்கே பூச வேண்டியதை மருத்துவமனையே சொல்லும்.

உங்கள் பட்ஜெட்டில் கணக்குப் போட்டால், தெர்மாமீட்டர், கிண்ணம், குவளை, மரக்கரண்டி, தலைத்துணிகள் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் இந்த வாரம் முடியும். செருப்பும் போர்வையும் நான்காவது மாதத்தில், நைட்டிகள் அறுவை சிகிச்சைக்கு முன். மிச்சத்தைப் பொருளாக்காமல் வைத்துக்கொண்டு, வாராந்திரத் தவணை நாட்களில் திருச்சியில் ஓடும் கால் டாக்சிக்கு உங்கள் போனிலிருந்தே பதிவு செய்து பணம் கட்டுங்கள். சிகிச்சைக்காக அவர் வேறு ஊருக்கு ரயிலில் போக வேண்டியிருந்தால், மருத்துவமனை தரும் சான்றிதழோடு முன்பதிவு கவுண்டரில் சலுகை உண்டு: ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அந்தப் படிவத்தை வாங்கிப் பூர்த்தி செய்து, வரிசையில் நிற்பது நீங்களோ உங்கள் ஆளோ ஆக இருந்தால் நல்லது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் அக்காவையோ கணவரையோ மறக்காதீர்கள். ஒரு பொழுது நீங்கள் அங்கே இருந்து அவர்களைத் தூங்கவிட்டால் அது தோழிக்குச் செய்ததாகவே ஆகும்.

வாங்கக் கூடாதவற்றில் நான் கடுமையாக இருப்பது ஒன்றில்தான். முள் சீத்தாப் பழம், அதன் இலைப் பொடி, கோதுமைப்புல் சாறு, மூலிகை லேகியம், மஞ்சள் கேப்சூல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எதையும் வாங்கி அனுப்பாதீர்கள். முள் சீத்தா மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய கேப்சூல் வேறு. கீமோ மருந்தைக் கல்லீரல் கையாளும் வேகத்தை இப்படிப்பட்டவை மாற்றிவிடக்கூடும், என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் இரத்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் குழம்புவார். நீங்கள் தந்தது என்பதற்காக அவர் மறுக்கத் தயங்குவார், அதுதான் இதில் பெரிய சிக்கல்.

இனிப் பேச்சு. நோயாளிகளைக் காயப்படுத்துபவை பெரும்பாலும் ஆறுதல் சொற்களாகவே வருகின்றன. 'பாசிட்டிவா இரு, அதுதான் பாதி மருந்து' என்று கேட்பவருக்கு, அழுத நாளெல்லாம் தன் நோயைத் தானே கூட்டிக்கொள்வதாகத் தோன்றும். மனம் சோர்ந்தால் மருந்து வேலை செய்யாது என்பது உண்மையும் அல்ல. 'முடிதானே, வளர்ந்துடும்' என்று அவரே சொன்னால் சரி, நீங்கள் சொன்னால் அவருடைய இழப்பை நீங்கள் தீர்மானித்ததாகிவிடும். 'எங்க சித்திக்கும் இதேதான்' என்று ஆரம்பிக்கும் எந்தக் கதையும் வேண்டாம், நல்லபடியாக முடிந்த கதையும் வேண்டாம், ஏனென்றால் மார்பகப் புற்றுநோயிலேயே பல வகைகள் உண்டு, சித்தியின் கணக்கு இவருக்கு உதவாது. 'எந்த ஸ்டேஜ்?' என்று கேட்காதீர்கள். 'உனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே, எப்படி வந்தது?' என்பதும், 'ஜாதகத்தைப் பார்த்தியா, ஒரு பரிகாரம் பண்ணிடலாம்' என்பதும் ஒரே கேள்விதான், குற்றம் எங்கே என்று அவரையே தேடச் சொல்வது. கோயிலுக்குப் போகும் பழக்கம் உங்கள் இருவருக்கும் இருந்தால் அர்ச்சனை செய்துவிட்டுச் சொல்லுங்கள், அதில் தவறில்லை. 'நல்லா இளைச்சு அழகாயிட்டே' என்பதை எந்த நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அது தவறான இடத்தில் போய் விழும்.

இவற்றுக்குப் பக்கத்தில் நான் வைப்பது, எல்லோரும் சொல்லும் 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்ற வாக்கியத்தை. அது அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கலாமா என்று தயங்கி, பிறகு கேட்கும் வேலை முழுவதும் ஏற்கெனவே களைத்திருப்பவர் மேல் விழுகிறது. பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அதற்குப் பதில், 'வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வரும், வேண்டாம்னா முந்தின நாள் சாயங்காலம் ஒரு வார்த்தை அனுப்பு போதும்' என்று சொல்லுங்கள். மறுக்கும் வழி திறந்திருக்கட்டும், யோசிக்கும் வேலை உங்களோடு இருக்கட்டும்.

எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றும் நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கோ மாமியாருக்கோ 'கட்டி' என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். யாருக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு வாயைத் திறவுங்கள், பொது வாட்ஸ்அப் குழுவில் 'சீக்கிரம் குணமாகணும்' என்று போடவே வேண்டாம். இன்னமும் தனி டம்ளர், தனித் தட்டு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. புற்றுநோய் ஒட்டாது. நேரில் போனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள், அது பேச்சைவிட அதிகம் சொல்லும்.

என்ன பேசுவது என்று தெரியாமல்தானே கேட்டீர்கள். அதையே சொல்லலாம்: 'என்ன சொல்றதுன்னு தெரியல, ஆனா உன்னை நெனச்சிட்டே இருக்கேன்.' அழுதால் நிறுத்த முயலாதீர்கள். நோயைப் பற்றி அவர் எடுத்தால் பேசுங்கள், எடுக்காவிட்டால் உங்கள் அலுவலகக் கலாட்டாவையும், கூடப் படித்தவர்களில் யார் யாருக்குக் கல்யாணப் பெண் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பிரச்சினை இருந்தால் அதையும் சொல்லலாம், அவருக்குத் தோழியாக இருக்கும் வேலையும் தேவை. பன்னிரண்டாவது வார ஊசி முடிந்ததும் 'அப்பாடா, எல்லாம் முடிஞ்சுது' என்று கேக் அனுப்பும் ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள், அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் இன்னும் பாக்கி, அவருடைய கட்டி ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகையானால் ஒரு வருடம் வரை ஊசி தொடரும், ஹார்மோன் வகையானால் மாத்திரை ஐந்து வருடமோ அதற்கு மேலோ போகும். எதைக் கொண்டாடுவது, எப்போது கொண்டாடுவது என்று அவரையே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ரயில் ஏறுங்கள்.